முற்பணம் திரும்பி வரவில்லை: கோபத்தில் எழுதும் கடிதமும் பணத்தைப் பெற்றுத்தரும் கடிதமும்

வாடகை வீடொன்றில் குடியேறும்போது உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்குமிடையில் நிலவும் சுமுகம், வீட்டை விட்டு வெளியேறும்போது பெரும்பாலும் காணப்படுவதில்லை. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் வாடகைக்கு வசிப்போர் ஆறு மாத வாடகையையோ அதற்கு மேற்பட்ட தொகையையோ முற்பணமாகச் செலுத்திய பின்னரே திறப்பைப் பெற்றுக்கொள்கின்றனர். நகைகளை அடகு வைத்தும் உறவினர்களிடம் கடன் பெற்றும் திரட்டப்படும் பணம் அது. வீட்டை ஒப்படைத்து மாதங்கள் கடந்த பின்னரும் அப்பணம் திரும்பி வராதபோது, இழந்தவர் ஒரு நாளிரவு உட்கார்ந்து மனதிலுள்ள அனைத்தையும் கொட்டி ஒரு கடிதம் எழுதிவிடுகின்றார்.

அந்தக் கோபம் நியாயமானதே. ஆயினும் அக்கடிதம் பணத்தைப் பெற்றுத் தருவதில்லை என்பதுடன், பின்னர் மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ செல்ல நேரிடுமாயின் எழுதியவருக்கே இடையூறாகவும் அமைந்துவிடுகின்றது. அதேவேளை, கோபத்தைக் குறைக்கவேண்டும் என்று யாரேனும் கூறியதும் நம்மில் பலர் மறுகரைக்குச் சென்று, கெஞ்சல் கடிதம் ஒன்றினை எழுதிவிடுகின்றோம். அதனாலும் பயனில்லை. நிதானமும் உறுதியும் ஒரே கடிதத்தில் எவ்வாறு இணைந்திருக்க முடியும் என்பதனை ஓர் எடுத்துக்காட்டின் துணையுடன் இங்கு நோக்குவோம்.

பின்வருவது எவரேனும் ஒருவருடைய கடிதமன்று. இவ்வாறான நிலையில் எழுதப்படும் கடிதங்களின் சாயலில் நாம் அமைத்துக்கொண்டது. தெஹிவளையில் மாதம் 45,000 ரூபா வாடகைக்கு இரண்டு வருடங்கள் வசித்த குடும்பம் ஒன்று, 300,000 ரூபாவை வைப்புத் தொகையாகக் கொடுத்திருந்தது. 2025 ஜனவரி 31ஆம் திகதி வீட்டை ஒப்படைத்தது. மே மாதம் பிறந்த பின்னரும் ஒரு ரூபாவேனும் கிடைக்கவில்லை. குடும்பத் தலைவர் எழுதுகின்றார்:

"உமக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதா? இரண்டு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கட்டிய எங்களை இப்படி ஏமாற்றுவீர் என்று கனவிலும் நினைக்கவில்லை. எத்தனை தரம்தான் போன் எடுப்பது? எடுத்தால் இன்று, நாளை என்று கதை சொல்கிறீர். சுவர் பழுதாம், பெயின்ற் அடிக்கவேண்டுமாம். அந்தச் சுவர் நாங்கள் வரும்போதே பழுதுதானே! ஊரார் பணத்தில் வாழலாம் என்று நினைக்கிறீரா? எங்கள் மூன்று இலட்சத்தையும் உடனடியாகத் தரவேண்டும். இல்லாவிட்டால் பொலிஸில் போட்டு, பேஸ்புக்கிலும் பேப்பரிலும் உம்முடைய பெயரை நாறடிப்போம். எங்கள் பிள்ளைகளின் கண்ணீர் உம்மைச் சும்மா விடாது."

இக்கடிதத்தை உரிமையாளர் எவ்வாறு வாசிப்பார் என்பதைச் சிந்திக்கவேண்டும். மனச்சாட்சி, ஏமாற்று, ஊரார் பணம், பெயரை நாறடித்தல் ஆகிய சொற்களே அவர் கண்ணில் படும். அவரும் கோபங்கொண்டு அவற்றுக்கே பதில் எழுதுவார். "மரியாதையாகப் பேசத் தெரியாதவர்களுடன் எனக்குப் பேச்சில்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளவும் கூடும். இரண்டு தரப்பிலும் மூன்று இலட்சம் ரூபா பற்றிய பேச்சு மறைந்து, மரியாதை பற்றிய பேச்சு தலைதூக்கிவிடும். பணம் கொடுக்க விரும்பாத ஒருவருக்கு இதனைவிட வசதியான நிலை வேறில்லை.

இனி, அக்கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அது என்ன வேலையைச் செய்கின்றது என வினவுவோம். மனச்சாட்சி பற்றிய கேள்வி எதிராளியின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. வாடகை தவறாமல் கட்டியமை ஒரு தகவல். தொலைபேசியில் அழைத்தமையும் தகவலே, ஆனால் எந்தெந்தத் திகதிகளில் என்பது இல்லை. சுவர் முன்னரே பழுதடைந்திருந்தது என்பது மிக முக்கியமான தகவல், எனினும் அதற்கான ஆதாரம் கூறப்படவில்லை. மூன்று இலட்சத்தையும் தரவேண்டும் என்பது கோரிக்கை. பொலிஸும் பேஸ்புக்கும் அச்சுறுத்தல். கண்ணீர் பற்றிய இறுதி வரி சாபம். ஆக, பத்து வாக்கியங்களில் மூன்று தகவல்களும் ஒரு கோரிக்கையும் மாத்திரமே பயன்படக்கூடியவை. கடிதத்தைத் திருத்துதல் என்பது சொற்களுக்கு மெருகூட்டுவதன்று. இந்த நான்கினையும் பிரித்தெடுத்து, அவற்றில் குறையாகவுள்ளவற்றை நிரப்புவதேயாகும்.

குறையாகவுள்ளவற்றை நிரப்புவதற்கு, பேனாவை எடுப்பதற்கு முன்னர் உடன்படிக்கையை எடுக்கவேண்டும். எமது நாட்டில் 'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறான பணங்களைக் குறிக்கின்றது. ஒன்று, வீட்டை ஒப்படைக்கும்போது திருப்பிக் கொடுக்கப்படவேண்டிய காப்பு வைப்பு. மற்றையது, முன்கூட்டியே செலுத்தப்பட்டு மாதந்தோறும் வாடகையில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும் முற்பணம். சில உடன்படிக்கைகளில் கொடுத்த தொகையின் ஒரு பகுதி முதலாவது வகையாகவும் எஞ்சியது இரண்டாவது வகையாகவும் இருக்கும். இரண்டாவது வகைப் பணம் ஏற்கனவே வாடகையில் கழிந்திருக்குமாயின், அதனைத் திரும்பக் கேட்பவரின் கடிதம் முதல் வரியிலேயே தோற்றுவிடும். எமது எடுத்துக்காட்டில், நொத்தாரிசு முன்னிலையில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, 300,000 ரூபாவும் காப்பு வைப்பு எனவும், வீடு ஒப்படைக்கப்பட்டு 30 நாட்களுக்குள், செலுத்தப்படாத கட்டணங்களும் நியாயமான தேய்மானம் தவிர்ந்த சேதங்களுக்கான செலவும் கழிக்கப்பட்டு எஞ்சிய தொகை மீளச் செலுத்தப்படும் எனவும் கூறுகின்றது என வைத்துக்கொள்வோம்.

இப்பிரிவினை வாசித்ததும் கோபக் கடிதத்தின் பெரிய பலவீனம் வெளிப்படுகின்றது. அது மூன்று இலட்சத்தையும் கேட்கின்றது. ஆனால் இறுதி மாத நீர்க்கட்டணம் 4,360 ரூபா செலுத்தப்படாமல் உள்ளது. குளியலறையின் கைகழுவும் பேசின் இக்குடும்பத்தினர் வசித்த காலத்திலேயே வெடித்தது. அதனை மாற்றுவதற்கு 12,500 ரூபா செலவாகியதாக உரிமையாளர் பற்றுச்சீட்டினையும் அனுப்பியுள்ளார். இவ்விரண்டினையும் மறைத்து முழுத் தொகையையும் கேட்டால், உரிமையாளர் இவை பற்றியே பேசுவார். கேட்பவர் உண்மையை மறைப்பவர் என்ற எண்ணமும் மூன்றாமவரிடம் ஏற்படும். இரண்டையும் நாமே முன்வந்து கழித்துக் காட்டினால், எஞ்சும் 283,140 ரூபா மறுப்பதற்குக் கடினமான தொகையாகிவிடுகின்றது. விட்டுக்கொடுத்த 16,860 ரூபா நட்டமன்று, அது எப்படியும் கொடுபட வேண்டியதே. அதனை ஒப்புக்கொள்வது எஞ்சிய தொகைக்கு நம்பகத்தன்மையைக் கொடுக்கின்றது.

சுவர் வர்ணப்பூச்சு விடயம் வேறு. இதற்காக 85,000 ரூபாவைக் கழிக்கப்போவதாக உரிமையாளர் தொலைபேசியில் கூறியுள்ளார். இரண்டு வருடங்கள் மனிதர் வசித்த வீட்டில் வர்ணம் மங்குவது இயல்பான தேய்மானம். சுவரில் ஆணியடித்து ஏற்படுத்திய பெரிய துளைகளோ, பிள்ளைகள் கிறுக்கிய சித்திரங்களோ இருப்பின் அவை சேதம் என வாதிடப்படலாம். இங்கு நீர்க்கசிவினால் உப்பிய ஒரு சுவரே பிரச்சினை. குடியேறிய தினத்தில் எடுத்த புகைப்படத்தில் அக்கசிவு தெளிவாகத் தெரிகின்றது. "வரும்போதே பழுதுதானே!" என்ற கூச்சலை விட, "2023.02.01 அன்று எடுக்கப்பட்ட புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது" என்ற வரி பலமடங்கு வலிமையானது. முன்னையது எதிராளியை மறுத்துரைக்கத் தூண்டுகின்றது, பின்னையது அவரை மௌனமாக்குகின்றது.

இனி மொழியைப் பற்றிப் பேசலாம். தமிழில் கோபம் எங்கெங்கு ஒளிந்திருக்கின்றது என்பதை அறிந்தால் அதனை அகற்றுவது எளிது. முதலாவது, விளிப்புச் சொல். இரண்டு வருடங்களாக 'நீங்கள்' என்று பேசியவரை கடிதத்தில் 'நீர்' என்று அழைத்தால், வேறு எதுவும் எழுதாமலே அவமதிப்பு நிகழ்ந்துவிடுகின்றது. அதேபோன்று, வழமைக்கு மாறாகத் திடீரென 'தாங்கள்' என எழுதினால் அது கேலியாகத் தொனிக்கக்கூடும். வழக்கமாகப் பேசும் 'நீங்கள்' போதுமானது. இரண்டாவது, 'தான்', 'தானே', 'கூட', 'ஆம்' ஆகிய ஒட்டுக்கள். "பெயின்ற் அடிக்கவேண்டுமாம்" என்பதிலுள்ள 'ஆம்' எதிராளி கூறியதைப் பொய்யெனப் பழிக்கின்றது. "வர்ணம் பூசவேண்டுமெனத் தெரிவித்தீர்கள்" என்பது அதே தகவலைப் பழியின்றிக் கூறுகின்றது. மூன்றாவது, விடையை எதிர்பார்க்காத கேள்விகள். "இது நியாயமா?" என எழுதினால், "ஆம், நியாயமே" எனப் பதிலளிக்கும் வாய்ப்பினை நாமே வழங்குகின்றோம். கோரிக்கைக் கடிதத்தில் கேள்விக்குறி அவசியமில்லை.

நான்காவது, குணத்தைப் பற்றிய வினைச்சொற்கள். 'ஏமாற்றினீர்கள்' என்பது உள்நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, அதனை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவரைச் சேரும். 'இதுவரை செலுத்தப்படவில்லை' என்பது நிகழ்ந்ததைப் பற்றிய கூற்று, அதனை எவரும் மறுக்க முடியாது. உண்மையில் பல உரிமையாளர்கள் வைப்புப் பணத்தைத் தனியாக வைத்திருப்பதில்லை. அதனை வீட்டு வேலைக்கோ, பிள்ளையின் திருமணத்துக்கோ செலவிட்டுவிட்டு, அடுத்த வாடகைக்காரர் கொடுக்கும் பணத்திலிருந்து பழையவருக்குக் கொடுப்பதாகக் கணக்குப் போடுகின்றனர். புதியவர் வரத் தாமதிக்கும்போது பொய்க்காரணங்கள் பிறக்கின்றன. இது பிழையே. ஆனால் கள்வன் என்று அழைப்பதனால் இல்லாத பணம் வந்துவிடாது. திகதி குறித்து, தேவையாயின் தவணை முறைக்கும் ஒரு வழியைத் திறந்துவைப்பதே வரவழைக்கும்.

ஐந்தாவது, சமயமும் சாபமும். ஆண்டவன் கேட்பான் என்பதும், பிள்ளைகளின் கண்ணீர் என்பதும் தமிழ் வீடுகளில் இயல்பாக வெளிப்படுபவை. முஸ்லிம் சகோதரர்களிடையே, ஒருவரிடம் ஒப்படைத்த பணம் அமானிதம் என்ற உணர்வு ஆழமானது. அதனை ஊர்ப் பெரியவர் ஒருவரோ பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரோ நேரில் எடுத்துச் சொல்லும்போது அதற்கு மதிப்பிருக்கின்றது. ஆனால் அதே வார்த்தை கடிதத்தில் இடம்பெறும்போது, "உமது ஈமானில் குறை" எனக் கூறுவதாக வாசிக்கப்பட்டுவிடுகின்றது. நேரில் பேசவேண்டியதனை நேரில் பேசுவோம். கடிதத்தில் உடன்படிக்கை பேசட்டும்.

கோபத்தை அகற்றும்போது ஏற்படும் மறுபக்கத் தவறினையும் கூறவேண்டியுள்ளது. "உங்களுக்கு வசதிப்படும்போது", "முடியுமாயின் தயவுசெய்து", "எமது கஷ்டத்தைக் கருத்திற்கொண்டு" ஆகிய தொடர்கள் மரியாதையானவை போலத் தோன்றினும், சேரவேண்டிய பணத்தை உதவியாக மாற்றிவிடுகின்றன. உதவியை மறுக்கலாம், கடனை மறுக்க இயலாது. 'வேண்டிக்கொள்கின்றேன்' என்பதற்குப் பதிலாகக் 'கோருகின்றேன்' என எழுதுதல் வேண்டும். 'உடனடியாக' என்பது கோபமாகத் தோன்றினும் உண்மையில் பலவீனமான சொல், ஏனெனில் அது எந்த நாளையும் குறிப்பதில்லை. '2025.05.28ஆம் திகதிக்கு முன்னர்' என்பது அமைதியான சொல், ஆனால் அந்நாள் கடந்ததும் உரிமையாளர் தவறியவராகின்றார். நாள் குறித்து எழுத்தில் கோரப்பட்ட பின்னர் செலுத்தத் தவறுவது, பின்னர் வழக்கில் வட்டி கோருவதற்கும் துணையாக அமையும்.

அச்சுறுத்தல் விடயத்தில் ஒரு விதியை மனதிற்கொள்ளலாம்: சட்டப்படி செய்யக்கூடியதும், உண்மையிலேயே நாம் செய்யப்போவதுமான ஒன்றினை மாத்திரம் எழுதவேண்டும். வைப்புப் பணத்தைத் திருப்பித் தராமை பெரும்பாலும் குடியியல் பிணக்காகவே நோக்கப்படுகின்றது. பொலிஸ் நிலையத்துக்குச் சென்றாலும் மத்தியஸ்த சபையை நாடுமாறே கூறப்படும் சாத்தியமுள்ளது. அதனை உரிமையாளரும் அறிவார். பெயரை நாறடிப்போம் என்பது அதனிலும் ஆபத்தானது. இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002ஆம் ஆண்டு நீக்கப்பட்டபோதிலும், அவதூறுக்காக நட்டஈடு கோரிக் குடியியல் வழக்குத் தொடரும் உரிமை நீங்கவில்லை. அத்துடன், பெயருக்குக் களங்கம் விளைவிப்பதாக மிரட்டிப் பணம் கேட்டதாக எதிர்முறைப்பாடு வருவதற்கும் இடமுண்டு. பணத்தைக் கேட்டவர் பிரதிவாதியாக நிற்கவேண்டிய விபரீதம் இதனால் ஏற்படலாம்.

உண்மையில் அடுத்த படி எது? 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட இத்தகைய பணப் பிணக்குகளில் முதலில் மத்தியஸ்த சபையை நாடவேண்டும். அங்கு இணக்கம் ஏற்படாவிடின், இணக்கமின்மைச் சான்றிதழ் ஒன்று வழங்கப்படும். அச்சான்றிதழ் இன்றி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. மத்தியஸ்த சபை தீர்ப்பு வழங்குவதில்லை. சட்டத்தரணிகள் அங்கு தரப்பினர்களுக்காகத் தோன்றுவதுமில்லை. இருதரப்பினரும் மத்தியஸ்தர்களின் முன்னால் அமர்ந்து பேசுகின்றனர். அங்கே மேசையில் வைக்கப்படும் முதலாவது ஆவணம் பெரும்பாலும் இந்தக் கடிதமாகவே இருக்கும். ஆகவே, கடிதத்தின் உண்மையான வாசகர் உரிமையாளர் மாத்திரமல்லர். இப்பிணக்கைப் பற்றி எதுவுமே அறியாத அந்த மத்தியஸ்தரும் ஆவார். அவர் வாசித்து முடித்ததும் எவ்வளவு, எந்தப் பிரிவின்படி, எந்நாளுக்குள் ஆகிய மூன்றுக்கும் விடை கூறக்கூடியவராக இருக்கவேண்டும்.

மேற்கூறியவற்றுக்கு அமைய எழுதப்பட்ட கடிதம் இவ்வாறு அமையும்:

"2025.05.14

பதிவுத் தபால் மூலம்

விடயம்: தெஹிவளை வீட்டுக்கான காப்பு வைப்பு ரூபா 283,140ஐ மீளச் செலுத்துதல்

அன்புடையீர்,

2023.01.28ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் கீழ், மேற்படி வீட்டில் 2023.02.01 முதல் 2025.01.31 வரை எனது குடும்பத்துடன் வசித்தேன். அக்காலப் பகுதிக்கான வாடகை முழுவதும் செலுத்தப்பட்டுள்ளது. 2025.01.31 அன்று வீட்டையும் மூன்று திறப்புகளையும் உங்களிடம் ஒப்படைத்தேன்.

உடன்படிக்கையின் 9ஆவது பிரிவின்படி, காப்பு வைப்பான ரூபா 300,000 உரிய கழிவுகளுடன் 2025.03.02ஆம் திகதிக்குள் மீளச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இது தொடர்பில் 2025.03.05, 2025.03.22, 2025.04.24 ஆகிய தினங்களில் தொலைபேசியில் உங்களுடன் பேசினேன். இதுவரை எத்தொகையும் எனக்குக் கிடைக்கவில்லை.

இறுதி மாத நீர்க்கட்டணம் ரூபா 4,360, கைகழுவும் பேசினை மாற்றிய செலவு ரூபா 12,500 ஆகியவற்றைக் கழிப்பதற்கு நான் உடன்படுகின்றேன்.

வர்ணப்பூச்சுக்காக ரூபா 85,000 கழிக்கப்படும் என 2025.04.24 அன்று தெரிவித்தீர்கள். இதற்கு நான் உடன்படவில்லை. முன் அறைச் சுவரின் நீர்க்கசிவு நான் குடியேறும்போதே காணப்பட்டது. 2023.02.01 அன்று எடுக்கப்பட்ட புகைப்படங்களை இணைத்துள்ளேன். ஏனைய சுவர்களில் வர்ணம் மங்கியிருப்பது 9ஆவது பிரிவு குறிப்பிடும் நியாயமான தேய்மானமாகும்.

ஆகவே எஞ்சிய ரூபா 283,140ஐ 2025.05.28ஆம் திகதிக்கு முன்னர் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் வைப்பிலிடுமாறு கோருகின்றேன். இரண்டு தவணைகளில் செலுத்த விரும்பினால், தவணைத் திகதிகளை அதே நாளுக்கு முன்னர் எழுத்தில் அறியத் தாருங்கள்.

அத்திகதிக்குள் பணமோ எழுத்துமூலப் பதிலோ கிடைக்காவிடின், இப்பிணக்கினை மத்தியஸ்த சபையில் முன்வைப்பேன். எனது ஏனைய சட்ட உரிமைகள் எதனையும் இக்கடிதத்தின் மூலம் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,"

இக்கடிதத்தில் ஒரு வசைச்சொல்லும் இல்லை, ஒரு கெஞ்சலும் இல்லை. "இதற்கு நான் உடன்படவில்லை" என்ற வாக்கியத்தை மீண்டும் நோக்கலாம். காரணம் பின்னால் வருகின்றது, மறுப்பு முன்னால் தனியாக நிற்கின்றது. கோபக் கடிதத்தில் கேள்விக்குறிகளாலும் ஆச்சரியக்குறியாலும் செய்யமுடியாமற் போனதனை இம்மூன்று சொற்கள் செய்துவிடுகின்றன. இரண்டு வருடங்கள் தவறாமல் வாடகை செலுத்திய பெருமையும் இங்கு விடுபடவில்லை. அது புலம்பலாக அன்றி, கணக்கில் நிலுவை இல்லை என்பதற்கான கூற்றாக உருமாறியுள்ளது.

இத்தகைய கடிதம் ஒன்றுக்கு மௌனமும் ஒரு பதிலாகிவிடலாம். கொடுக்கல் வாங்கல் தொடர்பான கடிதம் ஒன்றில் கூறப்பட்ட விடயங்களை ஏற்காதவர் அதற்குப் பதிலளித்திருக்க வேண்டும் என்றும், பதிலளிக்காமை அவற்றை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட இடமுண்டு என்றும் எமது நீதிமன்றங்கள் வணிகப் பிணக்குகளில் கூறிவந்துள்ளன. வீட்டு வாடகைப் பிணக்கு ஒன்றில் அது எவ்வளவு தூரம் ஏற்கப்படும் என்பது அந்தந்த வழக்கின் சூழ்நிலையைப் பொறுத்தது. ஆயினும் திகதிகளும் தொகைகளும் நிறைந்த ஒரு கடிதத்துக்குப் பதிலளிக்காதவர் விளக்கம் கூறவேண்டியவராகின்றார். வசை நிறைந்த கடிதத்துக்குப் பதிலளிக்காதவரோ, "இதற்கு என்ன பதில் எழுதுவது" என்று எளிதில் தப்பித்துக்கொள்கின்றார்.

இறுதியாக, நன்கு எழுதப்பட்ட கடிதத்தையும் பயனற்றதாக்கிவிடும் மூன்று தவறுகளைக் குறிப்பிடுதல் அவசியம். சிலர் கடிதத்தின் உச்சியில் 'வித்அவுட் பிரெஜுடிஸ்' என்ற தொடரை எழுதிவிடுகின்றனர். சட்டத்தரணிகளின் கடிதங்களில் கண்டதனால் அது பாதுகாப்பானது என நினைக்கின்றனர். அத்தொடர் சமரசப் பேச்சுக்கான கடிதங்களுக்கு உரியது. அவ்வாறு குறிக்கப்பட்ட கடிதத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவதற்குத் தடை ஏற்படலாம். கோரிக்கைக் கடிதம் எழுதுவதே ஒருநாள் காட்டுவதற்காகத்தான். உரிமைகளைப் பாதுகாப்பதற்கு மேலேயுள்ள கடிதத்தின் இறுதி வாக்கியம் போதுமானது.

இரண்டாவது, கடிதத்தை வட்ஸ்அப்பில் மாத்திரம் அனுப்பிவிட்டு இருத்தல். அதிலும் அனுப்பலாம், ஆனால் கையொப்பமிட்ட மூலப்பிரதி பதிவுத் தபாலில் செல்லவேண்டும். பிரதியொன்றையும் தபாற் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தவேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிக்க, உறவினர் ஒருவர் வீட்டைப் பராமரித்துவரும் நிலை கொழும்பில் சாதாரணமானது. அவ்வாறாயின் உடன்படிக்கையில் உரிமையாளராகக் கைச்சாத்திட்டவருக்கே கடிதத்தை எழுதி, பிரதியைப் பராமரிப்பவருக்கு அனுப்புதல் வேண்டும். பராமரிப்பவருக்கு மாத்திரம் எழுதினால், "எனக்குத் தெரியாது" என்ற பதிலே இருவரிடமிருந்தும் கிடைக்கும்.

மூன்றாவது, குறித்த திகதி கடந்த பின்னர் எதுவும் செய்யாதிருத்தல். 28ஆம் திகதி எனக் கூறிவிட்டு ஜூலை மாதம் வரை காத்திருந்து இன்னொரு கடிதம் எழுதினால், முதற் கடிதத்தின் உறுதி கரைந்துவிடும். எழுத்திலான உடன்படிக்கையின் அடிப்படையில் வழக்குத் தொடர ஆறு வருடங்களும், எழுத்தில் இல்லாத உடன்பாட்டுக்கு மூன்று வருடங்களும் காலவரையறைச் சட்டம் அனுமதிக்கின்றது. ஆனால் அது தாமதிப்பதற்கான காரணமன்று. அடுத்த நாளே மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். தொகை பெரிதாகவோ உடன்படிக்கையே இல்லாமலோ இருப்பின், சட்டத்தரணி ஒருவரையோ, வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவையோ நாடுதல் நன்று.

கோபத்தில் எழுதிய முதற் கடிதத்தைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்தத் திகதியும் எந்தத் தொகையும் எந்தப் பற்றுச்சீட்டும் மறைந்திருக்கின்றன என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அதுவே சிறந்த குறிப்பேடு. அவற்றை எடுத்துக்கொண்ட பின்னர் எஞ்சுவதனை அனுப்பாமல் வைத்துக்கொண்டால் போதும்.